கைப்பேசியில் இட்ட கையொப்பம் எங்கே இருக்கிறது?

கைப்பேசியில் ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, விரலால் கையெழுத்தைக் கிறுக்கி அனுப்பிவிடலாம். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டு, பெயரைத் தட்டி, ஒப்புக்கொள்வதாக ஒரு பொத்தானை அழுத்தலாம். ஆதார் எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியை இட்டும் கையொப்பமிடலாம். மூன்று வழியிலும் கடைசியில் கிடைப்பது, அடியில் கையெழுத்து தெரிகிற ஒரு பிடிஎஃப்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இவற்றுக்குள் வேறுபாடு பார்க்க வேண்டிய தேவையே வராது. ஒருநாள் எதிர்த்தரப்பு ‘நான் போட்ட கையெழுத்து இதில்லை’ என்றோ ‘நான் கையெழுத்திட்ட தாளில் இந்தத் தொகை இல்லை’ என்றோ சொன்னால், மூன்றும் மூன்று திசையில் பிரிந்துவிடும்.

எந்தக் கருவி நல்லது என்பதைச் செயலியின் அழகையோ கட்டணத்தையோ வைத்து முடிவு செய்வதில் பயனில்லை. அந்தச் செயலியும் அதை நடத்தும் நிறுவனமும் நாளை இல்லாமல் போனாலும், கையிலிருக்கும் கோப்பு தனியாக நின்று எதை நிரூபிக்கும் என்று கேட்க வேண்டும். இந்தியச் சட்டத்தையும் இந்தியாவில் கிடைக்கும் கருவிகளையும் முன்வைத்து அந்தக் கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று வகைக் கருவிகள்

முதல் வகை, கையெழுத்தின் படத்தைக் கோப்பில் ஒட்டுவது. அடோபியின் ‘Fill & Sign’, ஐபோனில் உள்ள ‘Markup’ போன்றவை இதைச் செய்கின்றன. ஒட்டியது யார், ஒட்டிய பிறகு கோப்பு மாறியதா என்பதற்குக் கோப்புக்குள் எந்தத் தடயமும் இருக்காது. உங்கள் கையெழுத்துள்ள பழைய கடிதம் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து படத்தை வெட்டி வேறு கோப்பில் யாரும் ஒட்டலாம். ஆனாலும் இது செல்லவே செல்லாது என்று சொல்லிவிட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளக்கூடாது என்கிறது. மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டதாக உச்ச நீதிமன்றம் 2010இல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் நிற்கலாம், கையெழுத்து இன்னாருடையது என்று மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

இரண்டாம் வகை, இணையச் சேவைகள். டாக்குசைன், அடோபி அக்ரோபாட் சைன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ சைன் ஆகியவை இதில் வரும். யாருக்கு மின்னஞ்சல் போயிற்று, எப்போது திறந்தார், எந்த இணைய முகவரியிலிருந்து கையொப்பமிட்டார் என்ற நடவடிக்கைப் பதிவை இவை தயாரித்துத் தரும். முடிந்த கோப்பின் மீது ஒரு டிஜிட்டல் முத்திரையும் இருக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்த முத்திரைக்குரிய சான்றிதழ் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கையொப்பமிட்டவர் பெயரில் இருக்காது. ‘எங்கள் வழியாக இது முடிந்தது, அதன்பின் மாறவில்லை’ என்று நிறுவனம் சாட்சி சொல்கிறது. கையொப்பமிட்டவர் இன்னார் என்பதற்கு ஆதாரம், அந்த மின்னஞ்சல் பெட்டியை அவர்தான் பயன்படுத்தினார் என்ற அனுமானம் மட்டுமே.

மூன்றாம் வகை, கையொப்பமிடுபவரின் பெயரிலேயே சான்றிதழ் உள்ள கையொப்பம். யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஎஸ்சியும் 2015இல் நடைமுறைக்கு வந்த ஆதார் இ-சைனும் இந்த வகை. டோக்கன் கணினிக்கென்று அமைந்தது. வரித் தாக்கல், ஒப்பந்தப்புள்ளி என்று அடிக்கடி கையொப்பமிடுபவர்களுக்கே அது பொருந்தும். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு வாய்ப்பது இ-சைன். இதைத் தனிச் செயலியாகத் தேட வேண்டியதில்லை. ஜோஹோ சைன் உள்ளிட்ட பல சேவைகளுக்குள் இது ஒரு தெரிவாகவே கிடைக்கிறது. ஒரே சேவையில் மின்னஞ்சல் வழியைத் தேர்ந்தால் இரண்டாம் வகைக் கோப்பும் ஆதார் வழியைத் தேர்ந்தால் மூன்றாம் வகைக் கோப்பும் வரும். ஆகவே எந்தச் சேவை என்பதோடு, அதற்குள் எந்த வழி என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓடிபி இட்டதும் உள்ளே நடப்பது

இ-சைனில் ஆவணம் அப்படியே சான்றிதழ் தரும் அமைப்புக்குப் போவதில்லை. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, அதிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு சுருக்கக் குறியை எடுக்கிறார்கள். இதற்கு ஹாஷ் என்று பெயர்; வழக்கமான முறை SHA-256. கோப்பில் ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் ஹாஷ் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். இந்த ஹாஷ் மட்டுமே உரிமம் பெற்ற இ-சைன் அமைப்புக்குச் செல்கிறது. ஓடிபி சரியாக இருந்தால், ஆதாரிலிருந்து பெயரையும் மாநிலம், அஞ்சல் குறியீடு போன்ற விவரங்களையும் எடுத்து அந்த நிமிடமே உங்களுக்கென்று ஒரு சாவி இணையையும் சான்றிதழையும் உருவாக்குகிறார்கள். அந்தச் சாவியால் ஹாஷின் மீது கையொப்பமிட்டுச் சாவியை அழித்துவிடுகிறார்கள். சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்.

இந்த ஏற்பாட்டின் பலம், திருடிச் செல்ல ஒரு சாவி எங்கும் இருக்காது என்பது. பலவீனங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் ஆதார் எண்ணும் ஓடிபி வரும் சிம்மும் ஒருவர் கையில் இருந்தால் அவர் நீங்களாகவே கையொப்பமிடலாம். ஆதார் எண்ணுக்குப் பதிலாக யுஐடிஏஐ தரும் 16 இலக்க மெய்நிகர் எண்ணைப் பயன்படுத்துவது இந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும். இரண்டாவது நுட்பமானது. ஓடிபி பெறும் அமைப்பு ஆவணத்தைப் பார்ப்பதில்லை. ஹாஷை மட்டும் பார்க்கிறது. திரையில் ஒரு கோப்பைக் காட்டிவிட்டு வேறு கோப்பின் ஹாஷை அனுப்புவது, இடையில் உள்ள செயலி நாணயமற்றதாக இருந்தால் முடியாத காரியமல்ல. அதனால் கையொப்பம் முடிந்ததும் கோப்பைத் தரவிறக்கி முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படிப்பது சடங்கல்ல, சோதனை.

ஓர் ஒப்பந்தத்தின் கதை

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் திருச்சியில் உள்ள தன் வீட்டுக்குச் சமையலறை, அலமாரி மரவேலைகளை ஒருவரிடம் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 9 பக்கம். சதுர அடிக்கு 1,450 ரூபாய், பணம் மூன்று தவணை. இருவரும் கைப்பேசியிலேயே முடிக்க விரும்புகிறார்கள்.

முதல் சிக்கல் பெயரில் வரும். ஒப்பந்தத்தில் ‘எஸ். முருகன்’ என்றும் ஆதாரில் ‘முருகன் சுப்பையா’ என்றும் இருந்தால், கையொப்பச் சான்றிதழில் வருவது இரண்டாவது பெயர்தான். முன்னெழுத்தைப் பலவிதமாக எழுதும் நம் ஊரில் இது அடிக்கடி நேரும். இருவர் பெயரையும் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலுடனேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

இரண்டாவது, முத்திரைத்தாள். டிஜிட்டல் கையொப்பம் முத்திரைத் தீர்வைக்கு ஈடாகாது. இந்திய முத்திரைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி கையொப்பத்துக்கு முன்போ கையொப்பமிடும்போதோ தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். கோப்பின் நோக்கிலும் அதுவே சரி. முத்திரைத்தாளின் பக்கத்தை முதலிலேயே சேர்த்தால்தான் கையொப்பம் அதையும் தழுவும். பின்னால் சேர்க்கப்போனால் கையொப்பமே கெடும்.

பிறகு வீட்டுக்காரர் கோப்பைச் சேவையில் ஏற்றி, ஆதார் வழியைத் தேர்ந்து கையொப்பமிடுகிறார். அடுத்து மரவேலைக்காரர் இடுகிறார். பிடிஎஃப் அமைப்பில் இரண்டாவது கையொப்பம் முதலாவதை அழித்து எழுதுவதில்லை. அதன் பின்னால் சேர்கிறது. முதல் கையொப்பம் 9 பக்கங்களையும், இரண்டாவது அந்தப் பக்கங்களோடு முதல் கையொப்பத்தையும் சேர்த்துத் தழுவுகிறது.

நான்கு மாதம் கழித்துச் சதுர அடிக்கு 1,650 ரூபாய் என்று எழுதிய ஒரு பிடிஎஃப்பை மரவேலைக்காரர் காட்டுகிறார். கையெழுத்துகள் அதே இடத்தில் அப்படியே இருக்கின்றன. கண்ணால் பார்த்துத் தீர்க்க வழியில்லை. இரண்டு கோப்புகளையும் கணினியில் அக்ரோபாட் ரீடரில் திறந்தால் விஷயம் தெளியும். 1,650 உள்ள கோப்பு அச்சிட்டு ஸ்கேன் செய்ததாக இருந்தால் கையொப்பப் பலகமே திறக்காது, ஏனென்றால் அதில் இருப்பது வெறும் படம். கையொப்பத்துக்குப் பிறகு உள்ளே திருத்தியதாக இருந்தால், ஆவணம் மாற்றப்பட்டது என்று சிவப்புக் குறியுடன் எச்சரிக்கை வரும். மாற்றம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு கையொப்பத்தின் கீழும் அது இட்டபோது இருந்த வடிவத்தைத் திறந்து பார்க்கும் வசதி உண்டு. அதில் 1,450 தெரியும். வீட்டுக்காரர் கையில் மூலக் கோப்பு இருந்தால் சிக்கல் இத்தோடு தீர்ந்தது. அவர் கையிலும் அச்சுப் பிரதி மட்டுமே இருந்தால் இருவரும் ஒரே நிலைதான்.

பச்சைக் குறியை எந்த அளவுக்கு நம்பலாம்?

கைப்பேசியில் உள்ள பெரும்பாலான பிடிஎஃப் செயலிகள் கையொப்பத்தைக் காட்டும், சரிபார்க்காது. வாட்ஸ்அப்பில் திறந்து பார்த்தாலும் இதே நிலைதான். சரிபார்க்க ஒருமுறையாவது கணினிக்குப் போக வேண்டும்.

அங்கே போனதும் பலரைக் கலங்கவைப்பது மஞ்சள் கேள்விக்குறியும் ‘Validity Unknown’ என்ற வரியும். கோப்பு போலி என்று இதற்குப் பொருளில்லை. சான்றிதழ் தந்தவரை இந்தக் கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். உடனே எல்லோரும் கையொப்பத்தின் பண்புகளுக்குள் போய், எதிரில் இருக்கும் சான்றிதழை நம்பத்தக்கதாகச் சேர்த்துப் பச்சைக் குறியை வரவழைக்கிறார்கள். இது ஆபத்தான பழக்கம். அக்ரோபாட்டில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் தனக்குத்தானே ஒரு சான்றிதழ் தயாரித்துக்கொள்ளலாம். அதையும் இதேபோல் நம்பச் சொன்னால் அதுவும் பச்சையாகும். கணினி நம்புவது நீங்கள் நம்பச் சொன்னதைத்தான்.

சரியான வழி, சான்றிதழின் சங்கிலியைப் பார்ப்பது. கீழே கையொப்பமிட்டவர் பெயரும், அதற்கு மேலே உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனமும், உச்சியில் ‘CCA India’ என்று ஓர் ஆண்டுடனும் இருக்க வேண்டும். அந்த உச்சிச் சான்றிதழ், சான்றளிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் தரும் மத்திய அரசுக் கட்டுப்பாட்டாளருடையது. கட்டுப்பாட்டாளரின் `cca.gov.in` தளத்திலிருந்து அதை எடுத்து அதை மட்டும் நம்பத்தக்கதாகச் சேர்த்தால், அதன் கீழ் வரும் உண்மையான கையொப்பங்கள் தாமாகவே பச்சையாகும். போலிகள் கேள்விக்குறியிலேயே நிற்கும்.

லினக்ஸ் பழகியவர்களுக்கு இரண்டு கட்டளைகள் போதும்:

```
sha256sum oppandham.pdf
pdfsig oppandham.pdf
```

விண்டோஸில் முதலாவதுக்கு ஈடானது `certutil -hashfile oppandham.pdf SHA256`. இரண்டாவது கட்டளை ஒவ்வொரு கையொப்பத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லும். கடைசிக் கையொப்பத்தின் கீழ் ‘Total document signed’ என்று வர வேண்டும். முந்தையவற்றுக்கு ‘Not total document signed’ என்று வருவது இயல்பு, ஏனென்றால் அவற்றுக்குப் பின் இன்னொரு கையொப்பம் சேர்ந்திருக்கிறது. கடைசியிலும் அப்படி வந்தால், கையொப்பங்களுக்குப் பின் கோப்பில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

30 நிமிடச் சான்றிதழும் பத்தாண்டு ஒப்பந்தமும்

சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம் என்றால் மறுநாளே கையொப்பம் காலாவதி ஆகாதா? ஆகாது. கையொப்பமிட்ட கணத்தில் சான்றிதழ் உயிருடன் இருந்ததா என்பதே கேள்வி. அந்தக் கணம் எது என்பதற்கு ஆதாரம் வேண்டும். கையொப்பமிட்ட கருவியின் கடிகாரம் சொல்லும் நேரத்தை யாரும் மாற்றி வைக்க முடியும். மூன்றாம் தரப்பு ஒன்று தன் கையொப்பத்துடன் தரும் நேர முத்திரை இருந்தால் அந்த ஐயம் எழாது. சான்றிதழ் அன்று ரத்தாகவில்லை என்ற விவரமும் கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்தால், பத்தாண்டு கழித்து அந்தச் சான்றளிப்பு நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் கோப்பு தானே பேசும். அக்ரோபாட்டின் கையொப்பப் பலகத்தில் இதை ‘LTV enabled’ என்ற வரி காட்டும். அது இல்லாவிட்டால் ‘not LTV enabled’ என்று எச்சரிக்கும்.

நீண்ட கால ஒப்பந்தத்துக்குச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் முன்பு முடித்த ஒரு மாதிரிக் கோப்பைக் கேட்டு வாங்கி, பெயர், சங்கிலி, நேர முத்திரை, இந்த வரி ஆகிய நான்கையும் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் உள்ள ‘சட்டப்படி செல்லுபடியாகும்’ என்ற வாசகத்தைவிட இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

பிரதியைக் காப்பது

கையொப்பம் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் பற்றியது என்பதால், பாதுகாப்பான பிரதி என்பது பைட் மாறாத பிரதி. பெயரை மாற்றலாம், மின்னஞ்சலில் இணைக்கலாம், வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம், கூகுள் டிரைவில் ஏற்றலாம். எதிலும் கோப்பு மாறாது. கையொப்பம் கெடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் வேலைகளில்தான். அளவைக் குறைக்கச் சுருக்கித் தரும் தளத்தில் போடுவது, இரண்டு பிடிஎஃப்களை ஒன்றாக இணைப்பது, மறுபடி பிடிஎஃப்பாக அச்சிடுவது, கையொப்பத்துக்குப் பின் கடவுச்சொல் பூட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் கோப்பைப் புதிதாக எழுதிவிடும். பூட்ட வேண்டுமென்றால் பிடிஎஃப்பைத் தொடாமல், அதைக் கடவுச்சொல் உள்ள ஜிப் கோப்புக்குள் வைக்கலாம்.

எங்கே வைப்பது? சேவையின் தளத்தில் மட்டும் விட்டுவைப்பது சந்தா இருக்கும் வரைதான். வாட்ஸ்அப் உரையாடலில் மட்டும் இருப்பது கைப்பேசி மாறும் வரைதான். மேகத்தோடு ஒத்திசையும் அடைவில் வைத்தால், ஓரிடத்தில் தவறி அழித்தது எல்லா இடத்திலும் அழியும். டிஜிலாக்கரில் ஒரு நுணுக்கம் உண்டு. அரசுத் துறைகள் அதில் நேரடியாக வழங்கும் ஆவணங்களுக்கு மூல ஆவணத்துக்கு நிகரான மதிப்பை 2016ஆம் ஆண்டு விதிகளும் அடுத்த ஆண்டு வந்த திருத்தமும் தருகின்றன. நீங்களாக ஏற்றும் ஒப்பந்தத்துக்கு அந்தத் தகுதி வராது. அங்கே அது 1 ஜிபி இடத்தில் இருக்கும் ஒரு சாதாரணப் பிரதி. கையொப்பத்தின் பலம் கோப்பிலேயே இருப்பதால் அதில் குறையொன்றும் இல்லை; டிஜிலாக்கரில் ஏற்றியதால் புதிய பலம் சேரும் என்று எண்ணுவதுதான் தவறு.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. கையொப்பம் முடிந்த அன்றே மூலக் கோப்பையும் நடவடிக்கைப் பதிவையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை மேகத்திலும், இன்னொன்றைக் கைப்பேசியோடு ஒத்திசையாத பென் டிரைவிலோ கணினியிலோ வையுங்கள். பிறகு கோப்பை இணைத்து, அதன் SHA-256 ஹாஷை உடலில் எழுதி, இரு தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். எந்தக் கோப்பை இருவரும் ஏற்றார்கள் என்பதற்கு அந்தத் தேதியிட்ட அஞ்சல் தனிச் சாட்சி.

இந்த ஹாஷ் நீதிமன்றத்திலும் உதவும். மின்னணு ஆவணத்தின் பிரதியைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலோ கோப்பின் ஹாஷையும் அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் எழுத இடம் இருக்கிறது. அந்தப் படிவத்தின் ஒரு பகுதியைத் தரப்பினரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். அன்று அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள ஹாஷும் படிவத்தில் எழுதும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், இடையில் கோப்பு மாறவில்லை என்பதை வாதாட அதிகம் பேச வேண்டியிராது.

எதற்கு இந்த வழி உதவாது

உயிலையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் மின்கையொப்பத்தில் எழுத முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை அவற்றைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. பொது அதிகாரப் பத்திரமும் பொதுவாக வெளியேதான். வங்கி போன்ற ஒழுங்குமுறைக்குட்பட்ட நிதி நிறுவனங்களுக்குத் தருவதற்கு மட்டும் 2022இல் விலக்கு வந்தது. அதே திருத்தத்தில் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் அந்த அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனாலும் பதிவு செய்ய வேண்டிய பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் போவது தவிர்க்க முடியாதது.

மற்ற அன்றாட ஒப்பந்தங்களுக்குத் தீர்ப்பு எளிது. பள்ளி அனுமதிக் கடிதம், கூட்டக் குறிப்பு போல யாரும் மறுக்கப்போகாத தாளுக்கு விரலால் இடும் படமே போதும். முன்பே பழக்கமான இரு நிறுவனங்களுக்கு இடையே மின்னஞ்சல் வழிச் சேவை போதும், நடவடிக்கைப் பதிவைச் சேர்த்து வைத்திருந்தால். பணமோ பொறுப்போ கைமாறும் இடத்தில், முன்பின் அறியாதவரோடு, கையொப்பமிட்டவர் பெயரிலேயே சான்றிதழ் உள்ள இ-சைனைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். எந்த வழியானாலும் மூலக் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். அச்சிட்ட தாள் படிப்பதற்கு மட்டும்.